-ன் என்று முடியும் அந்த மஸ்தர்: மஃப்ஊல் முத்லக், மஃப்ஊல் லி அஜ்லிஹி எங்கே உதைக்கிறது?

நஹ்வில் ஃபாயில், மஃப்ஊல் பிஹி வரைக்கும் ஓரளவு நிம்மதியாக வந்துவிட்டு, அதற்கு அடுத்த மஃப்ஊல்களில் தடுமாறுகிறவர்களுக்காக இது. செயலைச் செய்தவர் தெரிகிறார், செயல் யார் மேல் பட்டது என்பதும் தெரிகிறது. ஆனால் வாக்கியக் கடைசியில் இன்னொரு சொல் நஸ்பு வாங்கிக்கொண்டு நிற்கிறது, அது எதற்கு என்று புரியவில்லை. பெரும்பாலும் அந்தச் சொல் ஒரு மஸ்தராக, அதாவது தொழிற்பெயராக இருக்கும். அது இரண்டில் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒன்று, வினையையே திரும்பச் சொல்லி அழுத்தம் கொடுக்கும் (அல்லது எப்படிப்பட்ட செயல், எத்தனை தடவை என்று சொல்லும்), இது மஃப்ஊல் முத்லக். இல்லையென்றால் அந்தச் செயல் எதனால் நடந்தது என்று காரணம் சொல்லும், இது மஃப்ஊல் லி அஜ்லிஹி. மஃப்ஊல் லஹு என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான்.

உங்களுக்கு எந்தச் சிக்கலோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், வசன எண் கொடுத்த இடங்களில் முஸ்ஹஃபைத் திறந்து எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல்: நஸ்பில் மஸ்தர் இருக்கிறது, இரண்டில் எது என்று தெரியவில்லை

இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "ளரபத்துஹு ளர்பன்", "ளரபத்துஹு தஅதீபன்". வினை ஒன்றுதான், அவனை அடித்தேன். முதலாவதில் வரும் ளர்பன் அதே ளரப வேரிலிருந்து வந்தது, ஆகவே அது முத்லக்: அடித்தேன், அடி என்றால் அடி. இரண்டாவதில் தஅதீபன் வேறு வேர், ஒழுக்கம் கற்பித்தல் என்று பொருள், ஏன் அடித்தாய் என்ற கேள்விக்கு அது பதில். அதனால் லி அஜ்லிஹி.

ஆகவே முதல் சோதனை வேர். மஸ்தரின் மூன்று எழுத்தும் வினையின் மூன்று எழுத்தும் ஒன்றாக இருந்தால் அது காரணமாக இருக்க வழியில்லை. ஒரு செயல் தனக்குத் தானே காரணமாகாது, அவ்வளவுதான். ஆனால் வேர் வேறாக இருந்தால் உடனே லி அஜ்லிஹி என்று எழுதிவிடாதீர்கள், நிறையப் பேர் விழுவது இங்கேதான். "கஅத்து ஜுலூஸன்" என்று ஒரு வாக்கியம் வந்தால், கஅத வேறு, ஜலஸ வேறு, ஆனால் இரண்டுக்கும் பொருள் உட்காருவதுதான். ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டால் ஜுலூஸன் பதிலாகாது. அது முத்லக்குக்குப் பதிலாள், நாயிப் என்பார்கள்.

எனவே இரண்டாவது சோதனை: "லிமாதா?", ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பதிலாகப் பொருந்தினால் லி அஜ்லிஹி. பொருந்தாமல், "எந்த நிலையில்?" என்ற கேள்விக்குப் பொருந்துகிறதா? அப்படியென்றால் மூன்றாவது ஒரு ஆள் உள்ளே வந்திருக்கிறார், ஹால். 2:260இல் பறவைகள் "யஃதீனக ஸஅயன்" என்று வருகிறது, உன்னிடம் விரைந்து வரும். விரைதல் அவை வருவதற்குக் காரணம் இல்லை, வரும் விதம். இதை ஹால் என்பவர்களும் உண்டு, முத்லக் என்பவர்களும் உண்டு, ஆனால் காரணம் என்று எடுக்க இடமில்லை. இந்த மாதிரி இடங்களில் இஃராப் ஒன்றுக்கு மேல் வருவது சகஜம்தான், உங்கள் பதிலுக்குக் காரணம் சொல்ல முடிந்தால் போதும்.

தமிழர்களுக்கு முத்லக்கின் மூன்று வகையும் பழகுவது உண்மையில் சிரமமே இல்லை. "ஒரு அடி அடித்தான்", "ரெண்டு அடி அடித்தான்" என்று நாம் சொல்வது எண்ணிக்கை வகை. "புலிப் பாய்ச்சல் பாய்ந்தான்" என்பது வகை சொல்வது, அரபியில் "ஸார ஸைரஸ் ஸாலிஹீன்", நல்லோர் நடை நடந்தான் என்பது அப்படியே அதுதான். வெறும் அழுத்தத்துக்கு நாம் "அடி அடி என்று அடித்தான்" என்று போவோம், அரபு மஸ்தரை ஒரே தடவை போட்டு முடித்துக்கொள்ளும். தமிழில் அதே வேரைத் திரும்பச் சொல்லும் வாக்கியம் மனதில் ஓடினால் முத்லக், "-க்காக", "-ஆல்", "அஞ்சி", "நாடி" என்று ஓடினால் லி அஜ்லிஹி. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

சிக்கல்: "-ன்" கேட்கவே இல்லை, அது எப்படி நஸ்பு?

4:164இல் "வ கல்லமல்லாஹு மூஸா தக்லீமா" என்றுதான் ஓதுகிறோம், 73:4இல் "வ ரத்திலில் குர்ஆன தர்த்தீலா". தன்வீன் எங்கே? நிறுத்தும்போது ஃபத்ஹா தன்வீனின் "ன்" விழுந்து நீண்ட "ஆ" ஆகிறது. எழுத்தில் அலிஃப் நிற்பதும் அதற்குத்தான். சேர்த்து ஓதினால் தக்லீமன், தர்த்தீலன் என்று திரும்ப வந்துவிடும்.

எழுதும்போது இதே அலிஃப்தான் தொல்லை கொடுக்கும். நஸ்பு என்றால் கடைசியில் அலிஃப் என்று பழகிவிட்டு, தா மர்பூதாவில் முடியும் சொல்லுக்கும் அலிஃப் போடுகிறார்கள். கஷ்யதன், ரஹ்மதன், ஜியாரதன் எதற்கும் அலிஃப் கிடையாது. அலிஃபுக்குப் பிறகு ஹம்ஸா வந்து முடியும் சொல்லுக்கும், இப்திகாஅன் மாதிரி, இன்னொரு அலிஃப் கூடாது. இது இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழைதான், ஆனால் தேர்வில் மதிப்பெண் போகும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, முளாஃப் ஆனதும் தன்வீன் விழுவது. "கஷ்யதன் இம்லாகின்" என்று எழுதினால் தவறு, "கஷ்யத இம்லாகின்" என்பதுதான் சரி. நஸ்பு அப்படியே இருக்கிறது, அடையாளம் மட்டும் ஒற்றை ஃபத்ஹாவாகிவிட்டது. காதில் "-ன்" தேடுகிறவர்கள் குர்ஆனில் லி அஜ்லிஹியைக் கவனிக்காமல் விடுவதற்கு இதுதான் பெரிய காரணம், ஏனென்றால் அங்கே அது நிறைய இடத்தில் முளாஃபாகவே வருகிறது: 2:19இல் "ஹதரல் மவ்தி", மரணத்துக்கு அஞ்சி, 2:265இல் "இப்திகாஅ மர்ளாதில்லாஹி", அல்லாஹ்வின் திருப்தியை நாடி.

சிக்கல்: முத்லக் சரி, ஆனால் மஸ்தர் வேறு அச்சில் இருக்கிறது

வினை எந்த வஸ்னில் இருக்கிறதோ மஸ்தரும் அதே வஸ்னுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை. கல்லம என்றால் தக்லீம், அன்ஸல என்றால் இன்ஸால், தபத்தல என்றால் தபத்துல். மூன்றெழுத்து வினைக்கு மட்டும் மஸ்தரை அகராதியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் அச்சு உண்டு.

இதைக் கற்றுக்கொண்ட கையோடு 73:8ஐப் பார்த்தால் "வ தபத்தல் இலைஹி தப்தீலா" என்று இருக்கும். வினை தபத்தல, வர வேண்டியது தபத்துலன், வந்திருப்பது பத்தல என்ற வினையின் மஸ்தர். 71:17இல் "அன்பதகும் மினல் அர்ளி நபாதா", அன்பதவுக்கு இன்பாதன் வர வேண்டிய இடத்தில் நபாதன். விதி உடைந்துவிட்டதா? இல்லை. வேர் ஒன்றாக இருக்கும் வேறொரு மஸ்தர், அல்லது இஸ்மு மஸ்தர், பதிலாளாக நிற்கலாம். இஃராபில் "நாயிப் அனில் மஃப்ஊலில் முத்லக்" என்று எழுதுவார்கள். 73:8இல் வசன முடிவின் ஓசை சுற்றியிருக்கும் வசனங்களோடு ஒத்துப்போவதைக் கேட்டாலே தெரியும், தர்த்தீலா, ஸகீலா, கீலா, தவீலா என்று வரிசை போகிறது. பொருளிலும் ஒரு நயம் சொல்கிறார்கள்: தபத்துல் தானாக ஒதுங்கி வருவது, தப்தீல் முயன்று துண்டித்துக்கொள்வது, ஒரே வசனத்தில் இரண்டும் கிடைத்துவிட்டது என்று.

படிக்கும்போது இதை ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும்போது மட்டும் வினையின் சொந்த மஸ்தரையே போடுங்கள். "கல்லமத்துஹு கலாமன்" என்று எழுதிவிட்டு அது இஸ்மு மஸ்தர் என்று வாதாடலாம், வாதத்தில் ஜெயிக்கவும் செய்யலாம், ஆனால் பயிற்சித் தாளில் தக்லீமன் என்று எழுதுவதுதான் சுலபம்.

சிக்கல்: இஃராபில் முத்லக் என்று இருக்கிறது, ஆனால் மஸ்தர் நஸ்பில் இல்லை

4:129இல் "ஃபலா தமீலூ குல்லல் மைலி", முழுக்க முழுக்கச் சாய்ந்துவிடாதீர்கள். வினை தமீலூ, அதே வேர் மைல், ஆனால் அது ஜர்ரில் இருக்கிறது. இங்கே வேலையை எடுத்துக்கொண்டது "குல்ல". மஸ்தருக்கு முன்னால் குல்லு, பஅளு மாதிரிச் சொல் வந்து முளாஃபாக நின்றால் நஸ்பு அதற்குப் போய்விடும், மஸ்தர் முளாஃப் இலைஹியாகி ஜர்ரு வாங்கும். மாணவர்கள் செய்யும் தவறு என்னவென்றால் இரண்டுக்கும் நஸ்பு கொடுப்பது, "குல்லல் மைல" என்று.

எண் வந்தாலும் இதே கதை, ஆனால் கொஞ்சம் ஏமாற்றும். 24:4இல் "ஃபஜ்லிதூஹும் ஸமானீன ஜல்ததன்", அவர்களுக்கு எண்பது கசையடி கொடுங்கள். இதில் ஜல்ததன் அதே வேர், நஸ்பிலும் இருக்கிறது, எனவே முத்லக் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதத் தோன்றும். தவறு. முத்லக்கின் இடத்தில் நிற்பது ஸமானீன (நஸ்பின் அடையாளம் அதன் "ஈ"). ஜல்ததன் எதை எண்பது என்று தெளிவாக்கும் தம்யீஸ், 11 முதல் 99 வரையான எண்களுக்குப் பின்னால் ஒருமையில் நஸ்பாக வருவது. எண்ணை மாற்றிப் பாருங்கள், உண்மை வெளியே வந்துவிடும்: மூன்று அடி என்றால் "ஸலாஸ ஜலதாதின்", நஸ்பு எண்ணில் அப்படியே இருக்கிறது, எண்ணப்படும் சொல் ஜர்ருக்குப் போய்விட்டது.

பெயரடை தனியாக நிற்பதும் உண்டு. "அல்லாஹ்வை அதிகம் நினையுங்கள்" என்ற பொருளில் "உத்குருல்லாஹ கஸீரன்" என்றால், திக்ரன் என்ற மஸ்தர் மறைந்து அதன் பெயரடை மட்டும் நிற்கிறது.

சிக்கல்: காரணம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நஸ்பு போடக் கூடாது என்கிறார்கள்

இதுதான் இந்தப் பாடத்திலேயே கனமான இடம். "பணத்துக்காகப் பயணம் போனேன்" என்பதை "ஸாஃபர்த்து மாலன்" என்று எழுதுகிறோம். காரணம்தானே? காரணம்தான். ஆனால் மால் மஸ்தர் இல்லை, ஒரு பொருளின் பெயர். "ரொட்டி வாங்கச் சந்தைக்குப் போனேன்" என்பதை "தஹப்து இலஸ் ஸூகி ஷிராஅன் லில் குப்ஸி" என்று எழுதுகிறோம். ஷிராஃ மஸ்தர்தான். ஆனாலும் ஒட்டாது.

நஹ்வு நூல்கள் சொல்லும் நிபந்தனைகள் இவை: அது மஸ்தராக இருக்க வேண்டும். உள்ளத்தில் நடப்பதாக இருக்க வேண்டும், அதாவது அச்சம், ஆசை, மரியாதை, நாட்டம் மாதிரி, கையால் காலால் செய்வதாக இல்லாமல். வினையின் ஃபாயில்தான் அதற்கும் ஃபாயில். வினை நடக்கும் அதே நேரத்தில் அதுவும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் நஸ்பை விட்டுவிட்டு "லி" போட வேண்டும், இடத்தைப் பொறுத்து "மின்" போன்ற வேறு எழுத்தும் வரலாம்.

ஏன் இப்படி ஒரு பட்டியல் என்று யோசித்தால் விஷயம் எளிதுதான். எந்த உதவி எழுத்தும் இல்லாமல் ஒரு பெயர்ச்சொல் வினையோடு நேரடியாக ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் அது அந்த வினைக்கு ரொம்ப நெருக்கமாக இருந்தாக வேண்டும். எழுந்து நிற்கும் அதே ஆளின் மனதில் அதே நொடியில் இருக்கும் மரியாதை அப்படிப்பட்டது, "கும்து இஹ்திராமன்" என்றால் போதும். சந்தைக்குப் போகும்போது ரொட்டி வாங்குவது இன்னும் நடக்கவில்லை, அது பின்னால் நடக்கப்போகிற வெளிச்செயல், அதற்கு நடுவில் ஒரு பாலம் தேவை: "லி ஷிராஇல் குப்ஸி", அல்லது வினையாகவே "லி அஷ்தரியல் குப்ஸ".

இப்னு அகீலின் அல்ஃபிய்யா விளக்கவுரையில், மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் நூல் அது, உள்ளத்தில் நடப்பது என்பதைத் தவிர மற்ற மூன்று நிபந்தனைக்கும் ஆளுக்கொரு எதிர் உதாரணம் இருக்கிறது. மஸ்தராக இல்லாததற்கு "ஜிஃதுக லிஸ் ஸம்னி", நெய்க்காக உன்னிடம் வந்தேன். நேரம் மாறுவதற்கு "ஜிஃதுகல் யவ்ம லில் இக்ராமி கதன்", நாளைக்கு கௌரவிப்பதற்காக இன்று வந்தேன். ஃபாயில் மாறுவதற்கு "ஜாஅ ஸைதுன் லி இக்ராமி அம்ரின் லஹு", அம்ரு தன்னை கௌரவித்ததால் ஸைது வந்தான். வந்தது ஒருவர், கௌரவித்தது இன்னொருவர். மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டால் அந்த மூன்று நிபந்தனைகளைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதே இல்லை.

"உள்ளத்தில் நடப்பது" என்ற நிபந்தனையில் எல்லோரும் ஒரே மாதிரி கறாராக இல்லை. மேலே வந்த "தஅதீபன்" எல்லா நூலிலும் இருக்கும் உதாரணம், ஆனால் ஒழுக்கம் கற்பிப்பது மனதுக்குள் நடப்பதா என்ன? கறாராக இருப்பவர்கள் "தஅதீபை நாடி" என்று உள்ளே ஒரு நாட்டத்தைப் புகுத்தி சமாளிப்பார்கள், மற்றவர்கள் அந்த நிபந்தனையையே விட்டுவிடுவார்கள்.

இப்போது இதை முழுமையாகக் காட்டும் ஒரு இடம். 17:31இல் "வ லா தக்துலூ அவ்லாதகும் கஷ்யத இம்லாக்", வறுமைக்கு அஞ்சி உங்கள் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள். 6:151இல் கிட்டத்தட்ட அதே வாக்கியம், ஆனால் "மின் இம்லாக்", வறுமையால். கஷ்யத் என்பது அச்சம்; மஸ்தர், உள்ளத்தில் நடப்பது, கொல்பவனே அஞ்சுபவன், அந்த நேரத்திலேயே அஞ்சுகிறான். நான்கும் பொருந்துகிறது, நஸ்பு வந்துவிட்டது. 6:151இல் கஷ்யத் இல்லை, வறுமை மட்டும் இருக்கிறது. வறுமை என்பது அந்த ஆள் மனதுக்குள் செய்யும் செயல் இல்லை, அவன் சிக்கியிருக்கும் நிலைமை. அதனால் நேரடியாக ஒட்ட முடியாமல் "மின்" வருகிறது. "இம்லாகன்" என்று அங்கே போட்டுப் பாருங்கள், வாக்கியம் நிற்காது.

அடுத்து வரும் சொற்களும் இதை ஒட்டியே மாறுகின்றன. 6:151இல் "நஹ்னு நர்ஸுகுகும் வ இய்யாஹும்", உங்களுக்கும் அவர்களுக்கும் நாமே உணவளிக்கிறோம். 17:31இல் "நஹ்னு நர்ஸுகுஹும் வ இய்யாகும்", அவர்களுக்கும் உங்களுக்கும். முதலாவதில் வறுமை ஏற்கெனவே வந்துவிட்டது, பெற்றோருக்கே சோறு இல்லை, அதனால் "உங்களுக்கு" முன்னால் வருகிறது. இரண்டாவதில் இன்னும் வரவில்லை, பிள்ளை பிறந்தால் வந்துவிடுமோ என்ற பயம்தான், அதனால் பிள்ளைகள் முன்னால். முஃபஸ்ஸிர்கள் சொல்லும் விளக்கம் இது.

ஃபாயில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு எதிராக ஒரு வசனத்தைக் காட்டி யாராவது உங்களை மடக்கலாம். 13:12: "யுரீகுமுல் பர்க கவ்ஃபன் வ தமஅன்", அச்சமாகவும் ஆசையாகவும் மின்னலைக் காட்டுகிறான். காட்டுவது அல்லாஹ், அஞ்சுவதும் மழைக்கு ஆசைப்படுவதும் மக்கள். ஃபாயில் ஒன்றில்லையே? இதற்குப் பல பதில்கள் உண்டு: இதை ஹால் என்று எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், "அச்சுறுத்தவும் ஆசையூட்டவும்" என்று பொருள் எடுத்து ஃபாயிலை ஒன்றாக்குகிறவர்களும் இருக்கிறார்கள், ஃபாயில் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்று நிபந்தனையையே ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 32:16இல் "யத்ஊன ரப்பஹும் கவ்ஃபன் வ தமஅன்" என்று அதே இரண்டு சொல் வரும்போது இந்தப் பிரச்சினையே இல்லை, அழைப்பதும் அஞ்சுவதும் அவர்களே.

சிக்கல்: நிபந்தனை எல்லாம் சரி, "லி" போடலாமா நஸ்பா?

நிபந்தனை பொருந்தினாலும் நஸ்பு கட்டாயம் இல்லை, "லி" எப்போதும் போடலாம். எது அதிகம் புழங்குகிறது என்பதுதான் கேள்வி. அலிஃப் லாமும் இல்லாமல், முளாஃபாகவும் இல்லாமல் வெறுமையாக இருந்தால் நஸ்புதான் வழக்கம்: "கும்து இஹ்திராமன்". அலிஃப் லாம் இருந்தால் "லி"தான் வழக்கம்: "ளரபத்துஹு லித் தஅதீபி". "அத் தஅதீப" என்று நஸ்பில் சொல்வது பழைய கவிதையில் கிடைக்கும், நாம் எழுதத் தேவையில்லை. முளாஃபாக இருந்தால் இரண்டும் சமம், "கஷ்யத இம்லாகின்", "லி கஷ்யதி இம்லாகின்".

ஒரு எச்சரிக்கை. "கும்து இஹ்திராமன் லில் உஸ்தாதி", ஆசிரியருக்கு மரியாதையாக எழுந்தேன். இதில் வரும் "லி" காரணத்தின் "லி" இல்லை, மரியாதை யாருக்கு என்று சொல்வது, இஹ்திராமனோடு சேர்ந்தது. இதைப் பார்த்துவிட்டு "லி வந்துவிட்டதே, அப்புறம் ஏன் நஸ்பு?" என்று குழம்ப வேண்டாம். "லி" மஸ்தருக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சிக்கல்: வாக்கியத்தில் வினையே இல்லை

ஷுக்ரன். வளைகுடாவில் ஒரு மாதம் இருந்தவருக்கும் தெரிந்த சொல். மறைந்திருக்கும் வினை அஷ்குருக, அதன் முத்லக் ஷுக்ரன். அஃப்வன், ஸப்ரன், ஸுப்ஹானல்லாஹ் எல்லாம் இந்த வகைதான். 17:23இல் "வ பில் வாலிதைனி இஹ்ஸானா" என்பதில் அஹ்ஸினூ என்ற வினை மறைந்திருக்கிறது என்பது பரவலான இஃராப். ஹஜ்ஜில் சொல்லும் லப்பைக்கவும் முத்லக்தான், இருமை வடிவத்தில், அதனால்தான் அந்த "ஐ". இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான், அதே வேரில் ஒரு வினையை முன்னால் வைத்துப் பார்ப்பது.

முழுக்க ஒரு திருத்தம்

ஒரு மாணவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "ஃபரிஹ அஹ்மது ஃபரஹன் ஷதீதுன். வ காம இஹ்திராமுன் லில் உஸ்தாதி. வ ஸாஃபர இலல் காஹிரதி ஷஹாததன். வ ஜாரல் மத்ஹஃப ஜியாரதன் இஸ்னைனி. வ ரஜஅ ஷவ்க உம்மிஹி இலைஹி." அஹ்மது பெரிதும் மகிழ்ந்தான், ஆசிரியருக்கு மரியாதையாக எழுந்தான், பட்டத்துக்காக கெய்ரோ போனான், அருங்காட்சியகத்தை இரண்டு தடவை பார்த்தான், அம்மா ஏங்கியதால் திரும்பி வந்தான்.

முதல் வாக்கியத்தில் ஃபரஹன் சரி, ஃபரிஹவோடு ஒரே வேர், முத்லக். அதன் பெயரடை மட்டும் ரஃப்இல் போய்விட்டது, ஷதீதன் என்று வர வேண்டும். பெயரடை வந்ததால் இது இப்போது வெறும் அழுத்தம் இல்லை, வகை சொல்லும் முத்லக்.

இஹ்திராமுன் என்ற ரஃப்உக்கு வாக்கியத்தில் இடமே இல்லை, ஃபாயில் ஏற்கெனவே வினைக்குள் மறைந்திருக்கிறார். "ஏன் எழுந்தான்?" என்று கேட்டால் பதில் கிடைக்கிறது, நான்கு நிபந்தனையும் பொருந்துகிறது, ஆகவே இஹ்திராமன்.

ஷஹாததன், இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஷஹாதத் என்பது சாட்சி சொல்லுதல் என்ற பொருளில் மஸ்தர்தான், ஆனால் இங்கே அவன் போனது கையில் வாங்கும் ஒரு பட்டத்துக்கு, அது பொருளின் பெயர். "லிஷ் ஷஹாததி" என்று திருத்தலாம். நஸ்புதான் வேண்டும் என்றால் மனதின் நாட்டத்தைச் சொல்லும் மஸ்தர் ஒன்றை உள்ளே கொண்டுவர வேண்டும்: "தலபன் லிஷ் ஷஹாததி", பட்டத்தைத் தேடி. "தலபன் லில் இல்மி" என்று நூல்களில் அடிக்கடி பார்க்கும் அதே அமைப்பு.

ஜியாரதன் இஸ்னைனி என்பதில் எண்ணுக்குத் தனிச்சொல்லே தேவையில்லை, இருமையே எண்ணைச் சொல்லிவிடும்: "ஜியாரதைனி". ஒரு தடவைதான் என்றால் இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். ளர்ப் மாதிரிச் சொல்லில் தா மர்பூதா சேர்த்து ளர்பதன் என்றால் ஒரு அடி என்று ஆகிவிடும். ஜியாரத்தில் தா மர்பூதா பிறவியிலேயே இருக்கிறது, அதனால் ஜியாரதன் என்று மட்டும் எழுதினால் ஒரு தடவை என்று தெரியாது. "ஜியாரதன் வாஹிததன்" என்று சேர்க்க வேண்டும்.

கடைசி வாக்கியம்தான் நைஸாக நழுவுவது. ஷவ்க், ஏக்கம், மஸ்தர், உள்ளத்தில் நடப்பது, அதே நேரத்தில் இருப்பது, முளாஃபாக நஸ்பிலும் எழுதிவிட்டார், எல்லாம் அழகாகத் தெரிகிறது. ஆனால் திரும்பியது அஹ்மது, ஏங்கியது அம்மா. ஃபாயில் மாறிவிட்டது. "வ ரஜஅ லி ஷவ்கி உம்மிஹி இலைஹி" என்று "லி" போட வேண்டும். ஏங்கியது அஹ்மதுதான் என்று சொல்ல வந்திருந்தால் "வ ரஜஅ ஷவ்கன் இலா உம்மிஹி" என்று நஸ்பிலேயே விட்டுவிடலாம்.